திரையில் ஒன்பது வீடு, கையில் ஒன்பது வளையல்: காணொளி அழைப்பில் வளைகாப்பு நடத்த ஒரு முழு வழிகாட்டி

மலேசியாவில், பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட்டில் எங்கள் அக்கா மகளுக்கு ஏழாம் மாத வளைகாப்பு. நான் அவளுக்குச் சின்னம்மா. அக்காவுக்கு வளைகாப்பு நடந்த காலத்தில் எல்லாரும் ரப்பர் தோட்டத்து வரிசை வீடுகளான லயத்தில்தான் இருந்தோம். அடுத்தடுத்த வீட்டுப் பெண்கள் சேலை மாற்றிக்கொண்டு வந்து நின்றால் கூட்டம் சேர்ந்துவிடும். இப்போது அந்த லயத்துப் பிள்ளைகள் லண்டனில் இரண்டு வீடு, மெல்பர்னில் இரண்டு, டொராண்டோவில் ஒன்று, சிங்கப்பூரில் ஒன்று. மாப்பிள்ளை வழிச் சொந்தம் சென்னையில் மூன்று வீடு. ஆக ஒன்பது வீடு. யாரும் விமானம் ஏறி வரப்போவதில்லை.

முதலில் நாங்கள் நினைத்தது, வீட்டில் நடக்கிற சடங்கை ஒரு கைப்பேசியில் காட்டிவிட்டால் போதும் என்று. அது சரியாக வராது. ஏற்கெனவே ஒரு சொந்தக்காரர் வீட்டில் அப்படிச் செய்ததை நானே திரையில் பார்த்திருக்கிறேன். ஒரு மணி நேரம் யாரோ ஒருவருடைய முதுகும் மின்விசிறிச் சத்தமும்தான் கிடைத்தது. அதனால் இந்தத் தடவை சடங்கை இரண்டாகப் பிரித்தோம். காலையில் நல்ல நேரம் பார்த்து வீட்டுப் பெரியவர்கள் மட்டும் நலங்கு வைத்து வளையல் போட்டார்கள். மாலையில் திரையில் வருகிறவர்களுக்கென்றே தனியாக ஒரு நிகழ்ச்சி. இரண்டுக்கும் ஒரே சேலைதான். ஆனால் மாலையில் விருந்தாளிகள் திரையில் இருப்பவர்கள். வீட்டில் இருப்பவர்கள் அவர்களுக்கு உதவியாளர்கள். இப்படி முடிவு செய்த பிறகு மற்ற வேலையெல்லாம் தானாக வரிசைக்கு வந்தது.

நேரம்: 8.30 என்றால் எந்த 8.30?

மலேசியாவில் கோடைக்காகக் கடிகாரத்தை மாற்றும் வழக்கம் இல்லை. சிங்கப்பூரும் நம்மோடு ஒரே நேரம். சென்னை எப்போதும் இரண்டரை மணி நேரம் பின்னால். இந்த மூன்றும் பிரச்சினை இல்லாதவை. லண்டன், மெல்பர்ன், டொராண்டோ மூன்றும் ஆண்டுக்கு இரண்டு முறை கடிகாரத்தை மாற்றும். அதுவும் வெவ்வேறு தேதிகளில். அதனால் போன தீபாவளிக்குப் பேசிய கணக்கை இப்போது போடக்கூடாது. நிகழ்ச்சி நடக்கும் தேதியைக் கொடுத்துத்தான் பார்க்க வேண்டும்.

எங்களுடையது ஜூன் மாதச் சனிக்கிழமை. இங்கே இரவு 8.30 என்றால் சென்னையில் மாலை 6.00, லண்டனில் பகல் 1.30, மெல்பர்னில் இரவு 10.30, டொராண்டோவில் காலை 8.30. மெல்பர்ன்காரர்களுக்குத் தூக்க நேரம்தான், ஆனாலும் தாங்கும். இதுவே இங்கே காலை 10.30க்கு வைத்திருந்தால் லண்டனில் விடிகாலை 3.30. அந்த நேரத்தில் யாரும் எழுந்து பட்டுச்சேலை கட்டமாட்டார்கள். கிழக்கே மெல்பர்ன், மேற்கே டொராண்டோ என்று சொந்தம் பரவியிருந்தால் மலேசிய நேரம் இரவு எட்டிலிருந்து ஒன்பதுக்குள் தொடங்குவது ஒன்றுதான் வழி.

இருட்டிய பிறகு வளைகாப்பா என்று பெரியவர்கள் முகம் சுளிப்பார்கள். அதற்குத்தான் சாஸ்திரப்படியான பகுதியைக் காலையிலேயே முடித்தது. அந்தக் காலை நேரம் குறிக்கும்போது ஒன்று கவனியுங்கள். ராகு காலம் என்பது சூரிய உதயத்திலிருந்து அஸ்தமனம் வரை உள்ள பகலை எட்டாகப் பிரித்து வருவது. நாம் மனப்பாடமாகச் சொல்கிற சனிக்கிழமை ஒன்பது முதல் பத்தரை என்பது காலை ஆறு மணிக்கு விடிகிற கணக்கு. பேராக்கில் விடிவது ஏழு மணிக்கு மேல். அதனால் தமிழ்நாட்டில் அச்சான நாள்காட்டியை அப்படியே பார்த்துக் குறித்தால் ஒரு மணி நேரத்துக்கு மேல் தள்ளிப்போகும். நாங்கள் உள்ளூர் கோயில் குருக்களிடம் கேட்டுக்கொண்டோம்.

அப்புறம் அழைப்பு. முதல் அழைப்பில் நான் ஒரு தவறு செய்தேன். குடும்பக் குழுவில் “சனிக்கிழமை 8.30க்கு எல்லாரும் வந்துடுங்க” என்று போட்டுவிட்டேன். டொராண்டோவில் இருக்கும் அண்ணி நல்ல வேளையாக ஒத்திகைக்கு முந்திய நாளே கேட்டார்: “சனிக்கிழமை ராத்திரி சாப்பாட்டை முடிச்சிட்டு உக்காந்தா சரியா இருக்கும்ல?” நமக்கும் அவர்களுக்கும் ஜூனில் சரியாகப் பன்னிரண்டு மணி நேர வித்தியாசம். எண் ஒன்றேதான், காலை மாலைதான் வேறு. அவர் உட்கார்ந்திருந்தால் இங்கே ஞாயிறு காலை 8.30, எல்லாரும் பசியாறிக்கொண்டிருப்போம். உடனே அழைப்பை மாற்றி இப்படி அனுப்பினேன்:

“நம்ம பாப்பாவுக்கு வளைகாப்பு. மலேசியா, சிங்கப்பூர்: சனி இரவு 8.30. சென்னை: சனி மாலை 6.00. லண்டன்: சனி பகல் 1.30. மெல்பர்ன்: சனி இரவு 10.30. டொராண்டோ: சனி காலை 8.30, பசியாறும் நேரம். இருபது நிமிடம் முன்னதாகவே கதவு திறந்திருக்கும். ஒரு தாள், ஒரு தடித்த பேனா கையில் வைத்திருங்கள்.”

கிழமையையும் காலை மாலையையும் ஒவ்வோர் ஊருக்கும் திரும்பத் திரும்ப எழுதுவது வளவளவென்று தோன்றலாம். எழுதுங்கள்.

எந்தச் செயலி, எந்தக் கருவி

வாட்ஸ்அப் குழு அழைப்பு எல்லாருக்கும் தெரிந்தது. 32 பேர் வரை சேரலாம். ஆனால் யார் முகத்தைப் பெரிதாகக் காட்டுவது, யார் ஒலியை அடைப்பது என்று ஓர் ஆள் நடத்துவதற்கு அது தோதுப்படாது. கூகுள் மீட்டில் மூன்று பேரோ அதற்கு மேலோ இருந்தால் இலவசமாக ஒரு மணி நேரம்தான். ஸூம் இலவசக் கணக்கு 40 நிமிடத்தில் அறுந்துவிடும். நாங்கள் ஒன்றரை மணி நேரம் திட்டமிட்டதால் ஸூமுக்கு ஒரே ஒரு மாதம் பணம் கட்டினோம். கட்டிய அன்றே அடுத்த மாதப் புதுப்பிப்பை நிறுத்திவிட்டோம், இல்லையென்றால் மறந்துபோய் மாதாமாதம் போய்க்கொண்டிருக்கும். பணம் கட்ட மனமில்லையென்றால் நிகழ்ச்சியை நடுவில் வெட்டி, முதல் பாதிக்கு ஒரு இணைப்பு, இரண்டாம் பாதிக்கு ஒரு இணைப்பு என்று முன்கூட்டியே அனுப்பிவிடலாம். வயதானவர்கள் இரண்டாவது இணைப்பைத் தேடி அல்லாடுவார்கள் என்பதை மட்டும் நினைவில் வையுங்கள்.

கருவி இரண்டு வைத்துக்கொண்டோம். ஒரு மடிக்கணினி, கம்பி வழியாகத் தொலைக்காட்சியில் மாட்டியது; அதில் ஒன்பது வீட்டு முகங்களும் பெரிதாகத் தெரியும். பெண் அதைப் பார்த்துத்தான் பேசுவாள். இன்னொன்று முக்காலியில் நிறுத்திய கைப்பேசி, படுக்கைவாட்டில். அது அவளுடைய கையையும் தாம்பாளத்தையும் அருகில் காட்டும். ஸூமில் இரண்டும் தனித்தனி ஆளாகச் சேரும்.

இங்கேதான் ஊளைச் சத்தம் வரும். ஒரே அறையில் இரண்டு கருவிகள் ஒரே அழைப்பில் இருந்தால் ஒன்றின் ஒலிபெருக்கி பேசுவதை இன்னொன்றின் மைக் பிடித்துத் திருப்பி அனுப்பும். கைப்பேசியின் மைக்கை மட்டும் அடைத்தால் போதாது, அதன் ஒலிபெருக்கி பேசிக்கொண்டேதான் இருக்கும். கைப்பேசியை அழைப்பில் சேர்க்கும்போதே ஒலி இணைப்பே வேண்டாம் என்று விட்டுவிட வேண்டும். கேட்பதும் பேசுவதும் மடிக்கணினி ஒன்றின் வழியாக மட்டும். கைப்பேசி வெறும் கண்.

அந்தக் கைப்பேசிக்கு இன்னொரு ஆபத்து உண்டு. நிகழ்ச்சி தொடங்கும் நேரம் பார்த்து யாராவது “லிங்க் எங்கே?” என்று அதே எண்ணுக்கு அழைப்பார்கள். அழைப்பு வந்தால் படம் நின்றுவிடும். எனவே விமானப் பயன்முறையில் போட்டு வைஃபையை மட்டும் திறந்துவிடுங்கள். வாட்ஸ்அப்பின் அறிவிப்பையும் அடைத்துவிடுங்கள், வைஃபை இருந்தால் அதன் வழியாகவும் அழைப்பு வரும். லிங்க் கேட்கிறவர்களுக்குப் பதில் சொல்ல வேறொரு எண், வேறோர் ஆள்.

வெளிச்சத்தைப் பற்றி ஒன்றே ஒன்று சொல்கிறேன். குத்துவிளக்கைப் பெண்ணுக்கும் கேமராவுக்கும் நடுவில் வைக்காதீர்கள். சுடரைப் பார்த்துக் கேமரா தன் வெளிச்சத்தைக் குறைத்துக்கொள்ளும், பெண் முகம் கறுத்துப்போகும். விளக்கைப் பக்கவாட்டில் நகர்த்தினால் சரியாகிவிடும்.

வளையல் சத்தம் எங்கே போனது?

இரண்டு நாள் முன்னதாக, வியாழக்கிழமை இரவு, லண்டனில் இருக்கும் அண்ணன் மகளோடு பதினைந்து நிமிட ஒத்திகை பார்த்தோம். கண்ணாடி வளையலைக் கையில் போட்டு ஆட்டிக் காட்டினேன். அவள் சொன்னாள்: “சின்னம்மா, நீங்க பேசுறது கேட்குது. வளையல் ஆடுறது தெரியுது. சத்தமே வரலையே!”

வளைகாப்பில் வளையல் சத்தம் இல்லையென்றால் அப்புறம் என்ன இருக்கிறது? வயிற்றில் இருக்கிற பிள்ளைக்குக் கேட்கட்டும் என்றுதானே கண்ணாடி வளையலே போடுகிறோம். காரணத்தைத் தேடினேன். காணொளிச் செயலிகள் மனிதக் குரலை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதை இரைச்சல் என்று வடிகட்டிவிடும். விசிறி, தட்டுமுட்டுச் சத்தம், நாய் குரைப்பு எல்லாம் போவதுபோல வளையல் கிணுகிணுப்பும் போய்விடுகிறது. நாதஸ்வரம் ஒலிக்கவிட்டாலும் பாதி விழுங்கி விழுங்கித்தான் கேட்கும்.

ஸூமில் இதற்கு வழி இருக்கிறது. மடிக்கணினியில் ஒலி அமைப்புக்குள் போனால் `Original sound for musicians` என்று ஒன்று இருக்கும். அதைத் தேர்ந்தெடுத்துவிட்டால் அழைப்பின்போது திரையில் அதற்கொரு பொத்தான் வரும். அதை அழுத்தினால் வடிகட்டாமல் அறையின் ஒலி அப்படியே போகும். மறுபடி வளையலை ஆட்டினேன். லண்டனிலிருந்து, “இப்போ கலகலன்னு கேட்குது!”

ஆனால் வடிகட்டாமல் அனுப்பினால் விசிறியும் சேர்ந்து போகும். அதனால் வளையல் போடும் நேரத்திலும் பாட்டு நேரத்திலும் மட்டும் பொத்தானைத் திறந்து, மேலே ஓடும் விசிறியைக் குறைத்தோம். பேச்சு, விளையாட்டு நேரத்தில் மூடிவிட்டோம். இது நிகழ்ச்சியன்று உயிரைக் காப்பாற்றியது. ஒன்பது மணி தாண்டி மழை பிடித்துக்கொண்டது. தகரக் கூரையில் மழை பெய்தால் எதிரே இருப்பவர் பேசுவதே நமக்குக் கேட்காது. பொத்தானை மூடியதும் மெல்பர்னில் மழையே கேட்கவில்லையாம். குரல் கொஞ்சம் வெட்டி வெட்டி வந்தது, அவ்வளவுதான்.

நாம் அனுப்பும் ஒலி எப்படிப் போகிறது என்று நமக்குத் தெரியவே தெரியாது. எனவே வெளிநாட்டில் ஒருவரைக் காதாக நியமியுங்கள். எங்களுக்கு லண்டன் அண்ணன் மகள். ஒலி சரியில்லையென்றால் அழைப்பில் கத்தாமல் எனக்கு வாட்ஸ்அப்பில் ஒரு வரி அனுப்புவாள். மின்னல் வெட்டினால் இங்கே மின்சாரம் போகும், வீட்டு இணையமும் சேர்ந்து போகும். அதற்காக மருமகனின் கைப்பேசியில் தரவு போட்டு, ஹாட்ஸ்பாட் பெயரையும் கடவுச்சொல்லையும் முந்திய நாளே மடிக்கணினியில் ஒரு முறை இணைத்து வைத்திருந்தோம். தேவைப்படவில்லை. மழை பெய்த அந்த அரை மணி நேரமும் எனக்கு நெஞ்சு படபடவென்றுதான் இருந்தது.

திரைக்கு ஓர் ஆள்

இந்த மொத்த வேலையிலும் முக்கியமானவர் மடிக்கணினி முன்னால் உட்காருகிறவர். அவர் பந்தி பரிமாறக்கூடாது, ஆரத்தி எடுக்கக்கூடாது, குழந்தையைத் தூக்கிக்கொண்டு போகக்கூடாது. திரையில் யார் வந்தார்கள், யார் பேச வாய் திறக்கிறார்கள், யார் வீட்டில் தொலைக்காட்சி ஓடுகிறது என்று பார்த்து, ஒலியை அடைத்துத் திறப்பது மட்டுமே அவர் வேலை. நுழையும்போதே எல்லாருடைய ஒலியும் அடைபட்டிருக்கும்படி அமைத்துக்கொள்ளலாம். எங்கள் வீட்டில் அது நான். இன்னொருவர், அக்காவின் மூத்த மருமகள், பெண்ணின் பக்கத்தில் நின்று வளையலும் பரிசும் எடுத்துக் கொடுத்தார். மூன்றாவது ஆள் கைப்பேசி முக்காலியோடு. மூன்று பேர் போதும்.

முக்கியமான கட்டம் வந்ததும் கைப்பேசிப் படத்தை எல்லார் திரையிலும் பெரிதாக்க வேண்டும். ஸூமில் அந்தப் படத்தின் மேல் உள்ள மூன்று புள்ளியைத் தொட்டு `Spotlight for Everyone` கொடுத்தால் ஒன்பது வீட்டிலும் அதுவே பெரிதாகத் தெரியும். `Pin` என்பது நம் திரைக்கு மட்டும். இரண்டையும் குழப்பிக்கொண்டு நாம் மட்டும் அழகாகப் பார்த்துக்கொண்டிருப்போம், மற்றவர்களுக்கு யார் இருமினாலும் அவர் முகம் பெரிதாகும்.

ஒன்பது வீட்டு வளையல்

வளையல் கடையில் முதலில் அளவைப் பாருங்கள். ஏழாம் மாதத்தில் கை லேசாக வீங்கியிருக்கும். பெண் வழக்கமாகப் போடுவது 2.4 என்றால் 2.6 வாங்குங்கள், வாங்கும்போதே ஒன்றைப் போட்டுப் பாருங்கள். நேரில் என்றால் சோப்பு போட்டு ஏற்றிவிடலாம். திரையில் ஒன்பது வீடு பார்த்துக்கொண்டிருக்கும்போது வளையலோடு மல்லுக்கட்டுவதும், அது உடைந்து கையைக் கீறுவதும் வேண்டாத காட்சி.

காலையில் போட்டதெல்லாம் சிவப்பும் பச்சையும். மாலைக்கு ஒன்பது வளையல் தனியாக, ஒவ்வொன்றும் ஒரு நிறம். ஒவ்வொன்றிலும் மஞ்சள் நூலில் ஒரு சிறு சீட்டு, அதில் அந்த வீட்டின் பெயர். வீட்டைக் கூப்பிட்டதும் அவர்களின் ஒலியைத் திறப்பேன். அவர்கள் தங்கள் வீட்டில் ஒரு கிண்ணத்தில் வைத்திருக்கும் சந்தனத்தைத் தொட்டு வாழ்த்துச் சொல்வார்கள். அதே நேரம் இங்கே மருமகள் அவர்களுக்குப் பதிலாகப் பெண்ணின் கன்னத்தில் சந்தனம் பூசி, அந்த வளையலைப் போடுவார். கைப்பேசிக் கண் கைக்கு அருகில் போகும். வளையல் ஏறி முன்பு போட்டவற்றோடு மோதும்போது ஒரு சத்தம் வருமே, அது அந்த வீட்டுக்கு.

வரிசையை வயதுப்படி வைக்கவில்லை. யாருக்கு நேரமாகிவிட்டதோ அவர் முதலில். மெல்பர்ன் அத்தை முதல், அப்போது அங்கே பத்தே முக்கால். அடுத்து மெல்பர்னின் இன்னொரு வீடு, சிங்கப்பூர், சென்னை மூன்று, லண்டன் இரண்டு. கடைசியில் டொராண்டோ. வீட்டுக்கு இரண்டரை நிமிடம் என்று கணக்கு, மொத்தம் 23 நிமிடம். உண்மையில் சென்னைப் பெரியம்மா அழுததால் முப்பதானது. அவரை அவசரப்படுத்த எனக்கு மனம் வரவில்லை.

விளையாட்டு: முந்திச் சொல்கிறவர் ஜெயிக்கும் ஆட்டம் வேண்டாம்

நேரில் ஆடுகிற ஆட்டங்களில் பாதி காணொளியில் ஆடவே முடியாது. ஒலியும் படமும் ஒவ்வொரு வீட்டுக்கும் கொஞ்சம் தாமதித்துத்தான் போய்ச் சேரும். அந்தத் தாமதம் வீட்டுக்கு வீடு வேறு. “யார் முதலில் சொல்கிறார்கள்” என்று வைத்தால் இணையம் வேகமாக உள்ள வீடே ஜெயிக்கும். இரண்டு பேர் ஒரே நேரத்தில் பேசினால் ஒருவர் குரல் அமுங்கியும் போகும். எனவே பதிலைத் தாளில் எழுதி, நான் மூன்று எண்ணியதும் எல்லாரும் கேமரா முன்னால் தூக்கிக் காட்டுவது என்று வைத்தோம். தடித்த பேனா கேட்டது இதற்குத்தான். தாளைத் தூக்கியதும் இரண்டு மூன்று பேர், “ஐயோ எழுத்து தலைகீழா தெரியுதே” என்று பதறுவார்கள். தன் படம் தனக்கு மட்டும்தான் கண்ணாடிபோல் இடம் வலம் மாறித் தெரியும். மற்றவர்களுக்கு நேராகவே தெரியும். முன்னாலேயே சொல்லிவிடுங்கள்.

நாங்கள் ஆடியது குழந்தைப் படம் கண்டுபிடிக்கும் ஆட்டம். ஒரு வாரம் முன்னதாக எல்லாரிடமும் இரண்டு வயதுக்கு உட்பட்ட தங்கள் படம் ஒன்றை எனக்கு மட்டும் தனியாக அனுப்பச் சொன்னேன். குடும்பக் குழுவில் போட்டுவிட்டால் ஆட்டம் அன்றே முடிந்தது. ஒவ்வொன்றுக்கும் பெரிய எண் போட்டு, பத்துப் படத்தை வரிசையாகத் திரையில் காட்டினேன். பத்துக்கு மேல் போனால் சலிப்பு வரும். ஐந்தாவது படம், லயத்து வாசலில் பால்வாளிக்குள் உட்கார்ந்திருக்கும் ஒரு குழந்தை. பால் என்றால் ரப்பர் பால், அந்த வாளியைத் தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். ஆறு வீடு அது அக்காதான் என்று எழுதிக் காட்டியது. அது டொராண்டோ அண்ணன். அதன் பிறகு பத்து நிமிடம் யாரும் ஆட்டத்துக்குத் திரும்பவில்லை. அந்த வாசல், அந்தப் பொதுக்குழாய், அங்கே இருந்த மாமரம் என்று பேச்சு போய்விட்டது. ஆட்டத்தை விட்டுவிட்டேன். வெற்றியாளர் யார் என்று இன்றுவரை தெரியாது.

பரிசு பிரிப்பதுதான் சலிப்பான இடம்

பரிசு பிரிப்பது இருக்கிறதே, பிரிக்கிறவளுக்கும் அனுப்பியவருக்கும்தான் சுவாரசியம், மற்ற எட்டு வீடும் கொட்டாவி விடும். இதை ஆட்டமாக மாற்றிவிடலாம். தாளில் மூன்றுக்கு மூன்று என்று ஒன்பது கட்டம் போடச் சொல்லுங்கள். பெட்டிகளுக்குள் என்னவெல்லாம் இருக்கும் என்று ஊகித்து, கட்டத்துக்கு ஒரு பொருளாக எழுத வேண்டும்: தொட்டில் துணி, பால் புட்டி, கொலுசு, அரைஞாண், கொசுவலை, டயப்பர், இப்படி. ஒவ்வொரு பெட்டியாகப் பிரிக்கும்போது எழுதியது வந்தால் அடிக்கலாம். ஒரு வரிசை முழுதும் அடிபட்டவர் “வளையல்!” என்று கத்த வேண்டும். நாங்கள் பிரித்தது பதினான்கு பெட்டி. ஒன்பதாவது பெட்டியில் சிங்கப்பூர் கத்தியது. எல்லாரும் டயப்பர் எழுதியிருந்தார்கள். கடைசிவரை டயப்பர் வரவே இல்லை!

இது சரியாக நடக்கப் பெட்டிகளை முன்கூட்டியே தயார் செய்ய வேண்டும். வெளிநாட்டுச் சொந்தங்களிடம் அங்கே வாங்கிப் பொட்டலம் கட்டி அனுப்ப வேண்டாம் என்று சொல்லுங்கள். வந்து சேரும் நாள் உறுதியில்லை. வெளிநாட்டு விற்பனையாளரிடம் இணையத்தில் வாங்கி மலேசியாவுக்கு வரவழைத்தால், 500 ரிங்கிட் வரையிலான பொருளுக்கு 2024 ஜனவரி 1 முதல் 10 விழுக்காடு விற்பனை வரியும் உண்டு. அவர்கள் அங்கே உட்கார்ந்துகொண்டே உள்ளூர் விற்பனையாளரிடம் வாங்கி நம் முகவரிக்கு அனுப்பச் செய்வது எளிது. முகவரி தோட்டத்துக்குள் இருந்தால், பொருள் கொண்டுவரும் பையன் கோயில் வரை வந்து வழி தெரியாமல் திரும்பிவிடுவான். நாங்கள் பட்டணத்தில் மாமாவின் மளிகைக் கடை முகவரியைக் கொடுத்தோம். பத்து நாளுக்கு முன் எல்லாம் வந்து சேர வேண்டும் என்று கெடு.

இணையக் கடைப் பெட்டியில் அனுப்பியவர் பெயர் இருக்காது, கடைப் பெயர்தான் இருக்கும். அதனால் வாங்கியதும் அந்த ஆர்டர் பக்கத்தைப் படம் பிடித்து எனக்கு அனுப்பச் சொன்னேன். பெட்டி வந்த அன்றே எண்ணை ஒத்துப் பார்த்து, வெளியே மார்க்கர் பேனாவில் அனுப்பியவர் பெயரை எழுதினேன். இரண்டு பெட்டிக்குப் படம் வரவில்லை. அவற்றைப் பிரிக்காமலே, யாருடையது என்று குழுவில் கேட்டுக் கண்டுபிடித்தோம்.

பிறகு முந்திய இரவு, பெண்ணை அந்தப் பக்கமே விடாமல், வெளி நெகிழிப் பையையும் ஒட்டுநாடாவையும் வெட்டி எடுத்துவிட்டு, உள்ளே இருப்பதை மட்டும் வண்ணத்தாளில் சுற்றினோம். ஒட்டுநாடாவோடு ஒரு பெட்டியைப் பிரிக்க மூன்று நிமிடம் பிடிக்கும். வண்ணத்தாள் என்றால் ஒரே கிழி. பதினான்கு பெட்டிக்கு அது அரை மணி நேர வித்தியாசம். வயிற்றுப் பிள்ளைக்காரி குனிந்து இழுத்துக்கொண்டிருக்கவும் வேண்டியதில்லை. வெளிப்பையில் நம் முகவரியும் தொலைபேசி எண்ணும் ஒட்டியிருக்கும், நிகழ்ச்சியைப் பதிவு செய்தால் அது நாலு பேர் கைக்குப் போகும்; அதற்காகவும் முன்னமே எடுத்துவிடுவது நல்லது.

பிரிக்கும்போது அனுப்பியவரின் ஒலியைத் திறந்து, முதலில் அவரைப் பேசவிடுங்கள். பொருளைக் கேமராவுக்கு அருகில் கொண்டுபோய் மூன்று விநாடி அசையாமல் பிடிக்க வேண்டும், ஆட்டினால் மங்கலாகத்தான் தெரியும். ரொக்கமாகப் பணம் அனுப்பியவர்களுக்கும் பெயர் சொல்லி நன்றி சொல்லுங்கள், தொகையைச் சொல்லாதீர்கள். மொய் நோட்டு திரைக்கு வெளியே இருக்கட்டும்.

பெண்ணின் உடம்பு, கடைசிப் பாட்டு

மணையில் ஒன்றரை மணி நேரம் சம்மணம் போட்டு உட்கார முடியாது. காலையில் மணை, மாலையில் முதுகுக்குத் தலையணை வைத்த நாற்காலி, காலடியில் ஒரு முக்காலி. வளையலுக்கும் படம் பார்க்கும் ஆட்டத்துக்கும் பிறகு பத்து நிமிட இடைவேளை. அந்த நேரத்தில் கேமராவையும் ஒலியையும் அணைத்துவிடுங்கள்; வீட்டில் யார் யாரைப் பற்றி என்ன பேசுவார்கள் என்று சொல்ல முடியாது. அவள் கழிவறை போய் வந்து, புளிச்சோறும் தயிர்ச்சோறும் இரண்டு வாய் சாப்பிட்டாள். சாப்பாட்டைப் பற்றி இதற்கு மேல் எழுத ஒன்றுமில்லை. காலையில் கட்டிய சித்திரான்னத்தையே பக்கத்து வீடுகளுக்குத் தாப்பாவ் கட்டிக் கொடுத்தாயிற்று.

முடிவில் எல்லாரும் சேர்ந்து மங்களம் பாடலாம் என்று சென்னைப் பெரியம்மா சொன்னார். சேர்ந்து பாடுவது காணொளியில் நடக்காத காரியம். ஒத்திகையில் நானும் லண்டன் பெண்ணும் இரண்டு வரி சேர்ந்து பாடிப் பார்த்தோம். அவள் குரல் எனக்குப் பின்னால் வந்தது, என் குரல் அவளுக்குப் பின்னால் போனது. இருவரும் ஒருவருக்காக ஒருவர் மெதுவாக்கி, மெதுவாக்கி, கடைசியில் பாட்டே நின்றுவிட்டது. அதனால் வீட்டுக்கு இரண்டு வரி தாலாட்டு, ஒருவர் முடித்த பிறகு அடுத்தவர் என்று வைத்தோம். வடிகட்டி நீக்கும் பொத்தானைப் பாடுகிறவர் தன் பக்கத்தில் திறக்க வேண்டும். கருவியைக் கையாளத் தெரியாத பெரியவர்களுக்கு அதையெல்லாம் சொல்லாமல் விட்டுவிட்டேன். குரல் மட்டும் எப்படியும் வந்துவிடும்.

மெல்பர்ன் அத்தை அதுவரை விழித்திருந்தார். அங்கே மணி பன்னிரண்டரை. மழை விட்டிருந்தது, அதனால் பொத்தானை மறுபடி திறந்தேன். அவர் பாடியது தோட்டத்தில் அம்மா எங்களுக்குப் பாடிய அதே தாலாட்டு. அக்கா மகள் தாளத்துக்கு ஏற்பக் கையை மெதுவாக ஆட்டினாள். பாடிக்கொண்டே இருந்த அத்தை நடுவில் நிறுத்தி, “கேக்குதுடி, கேக்குது” என்றார்.